250 நாள் தண்ணீர்: 2024/2025 ஆண்டறிக்கைக் காணொளியின் எழுத்துப் பிரதி

நீளம்: 6 நிமிடம். முதலில் ஒக்டோபர் பொதுக்கூட்டத்தில் திரையிடப்படும். மறுநாள் வெளிநாட்டு உறவுகளின் வட்ஸ்அப் குழுக்களுக்குப் போகும். பஸ்ஸிலும் வேலையிடத்திலும் சத்தமில்லாமல் பார்ப்பவர்களுக்காக, பேசுகிற ஒவ்வொரு வரியும் திரையின் அடியில் எழுத்தாகவும் வரவேண்டும்.

முகமும் பெயரும்: முதற் கதையில் வரும் அம்மா முகத்தைக் காட்டச் சம்மதித்திருக்கிறார், பெயர் வேண்டாம் என்றார். பேரப்பிள்ளைகளின் கைகள் மட்டும் தெரியலாம். பாடசாலைச் சீருடையோ அதன் சின்னமோ தெரியக்கூடாது. இரண்டாவது கதையின் குடும்பம் கமராவுக்கு முன் வர விரும்பவில்லை. அவர்களுடைய பீலியும் தாங்கியும் போதும்.

காட்சி 1 (0:00 – 0:45)

படம்: பண்ணைத் தாம்போதி. இரண்டு பக்கமும் கடல். மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய நீல நிறக் கான்கள். (காலை 7 மணிக்கு முன் எடுங்கள். பிறகு வெயில் தண்ணீரில் அடித்துப் படம் வெளுத்துவிடும்.)

திரையில் எழுத்து: 38 மழைநீர்த் தாங்கிகள். 190,000 லீற்றர்.

குரல்: புங்குடுதீவிலும் வேலணையிலும் நாங்கள் கட்டி முடித்த தாங்கிகள் 38. ஒவ்வொன்றும் 5,000 லீற்றர் கொள்ளும். மொத்தம் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் லீற்றர். ஆனால் இலட்சக் கணக்கில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. குடத்தில்தான் குடிக்கிறோம். அந்தக் குடம் எத்தனை நாளைக்கு வரும் என்பதுதான் கேள்வி. அதனால் இந்த வருடக் கணக்கை நாளால் சொல்கிறோம்.

காட்சி 2 (0:45 – 1:30)

படம்: கிணற்றுக்குள்ளிருந்து மேலே பார்க்கும் கோணம். வாளி இறங்குகிறது. அடுத்து, வாளி விளிம்பில் காய்ந்து படிந்த வெள்ளை உப்பு, மிக அருகில்.

குரல்: தீவகத்தில் கிணறு இல்லாத வளவு குறைவு. கிணற்றில் தண்ணீரும் இருக்கிறது. ஆனால் சவர். சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர், அடியில் இருக்கும் உப்புத்தண்ணீருக்கு மேலே ஒரு மெல்லிய படையாக நிற்கிறது. கோடையில் மோட்டர் போட்டு இழுத்தால் மேலே இருக்கும் நல்லதண்ணி முடிந்து, கீழே இருக்கும் உப்பு ஏறி வரும். ஆழமாகத் தோண்டினால் அந்த உப்புக்குத்தான் வழி விடுகிறோம். எனவே நாங்கள் கிணற்றைத் தொடவில்லை. கூரையைப் பிடித்தோம்.

காட்சி 3 (1:30 – 3:10): முதற் கதை

படம்: புங்குடுதீவில் ஓர் ஓட்டு வீடு. பின் வளவில் வட்டத் தாங்கி. அடியில் பித்தளைக் குழாய். குழாயில் ஒரு சின்னப் பூட்டு. பூட்டில் கமரா மூன்று வினாடி நிற்கட்டும். பின்னணி இசை வேண்டாம், திறப்புத் திருகும் சத்தம் கேட்க வேண்டும்.

அம்மா (நேரே பேசுகிறார்): பூட்டுப் போட்டது நான்தான். பிள்ளையள் கை கழுவவும் இதைத் திறந்து விட்டுடுவினம். கழுவ, குளிக்கக் கிணத்துத் தண்ணி காணும். இது குடிக்கவும் சமைக்கவும் மட்டும்.

குரல்: வீட்டில் அம்மா, மகள், பேரப்பிள்ளைகள் இருவர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லீற்றர். நாலு பேருக்கு 20. ஐயாயிரத்தை இருபதால் பிரித்தால் 250 நாள்.

திரையில் எழுத்து: 5,000 ÷ 20 = 250 நாள்

படம்: சமையலறைச் சுவரில் நாட்காட்டி. தேதிகளின் மேல் பென்சில் கோடுகள். பேத்தியின் கை, தாங்கியின் மூடியைத் திறந்து ஒரு தடியை இறக்குகிறது. தடியில் கத்தியால் வெட்டிய அடையாளங்கள். ஈரம் நிற்கும் இடத்தில் விரலை வைத்து வெளியே எடுக்கிறது.

குரல்: இந்த வீட்டுக் கூரையில் நாங்கள் பீலி போட்ட பக்கம் 50 சதுர மீற்றர். ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர். ஓடு குடிப்பது, தெறிப்பது, வழிவது போக நூற்றுக்கு எண்பத்தைந்து கையில் வரும். அப்படிப் பார்த்தால் 118 மில்லிமீற்றர் மழை ஒரு தாங்கியை நிரப்பும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயலோடு கொட்டிய மழையில் இந்தத் தாங்கி நிரம்பி வழிந்தது.

அம்மா: தைப்பொங்கலுக்குப் பொங்கினது இந்தத் தண்ணியில. அண்டைக்குத்தான் முதல் முதல் திறந்தது. பருப்பு கெதியா அவிஞ்சுது. கிணத்துத் தண்ணியில அது அவியாது, கல்லு மாதிரிக் கிடக்கும்.

குரல்: ஜனவரி 14 இல் திறந்த குழாய். கணக்குப்படி செப்டெம்பர் 20 இல் தாங்கி காய வேண்டும். சித்திரையில் இடையில் பெய்த மழையும் உள்ளே போனதால், அன்றைக்குத் தடியில் இன்னும் நாலு விரல் ஈரம் இருந்தது. அந்த எட்டு மாதமும் இந்த வீட்டார் பவுசருக்காக வீதியில் கான்களை அடுக்கி வைத்துக் காத்திருக்கவில்லை.

(தொகுப்பவருக்கு: இந்த இடத்தில் அம்மா அழுத பகுதியும் பதிவில் இருக்கிறது. அதைச் சேர்க்கக்கூடாது. அவர் கணக்குப் பார்த்துத் தண்ணீரை ஆண்டவர். அப்படித்தான் ஊர் அவரைப் பார்க்க வேண்டும்.)

காட்சி 4 (3:10 – 3:40)

படம்: கையால் வரைந்த அட்டவணை, வெள்ளைத் தாளில் 38 வட்டங்கள். 27 நீலம், 11 வெறுமை.

குரல்: ஓகஸ்ட் கடைசியில் 38 வீட்டுக்கும் போய்த் தடி இறக்கிப் பார்த்தோம். 27 தாங்கிகளில் தண்ணீர் இருந்தது. 11 காய்ந்திருந்தன. அதில் ஆறு வீட்டில் ஆட்கள் கூட. 5,000 லீற்றர் அவர்களுக்குக் காணாது. இரண்டு தாங்கியில் வெடிப்பு. மூன்றில் தாங்கி நல்லது, பீலி பிழை. அந்த மூன்றில் ஒன்றைப் பார்ப்போம்.

காட்சி 5 (3:40 – 5:10): இரண்டாவது கதை

படம்: வேலணை. தாங்கி முழுமையாக, அழகாகத் தெரிகிறது. கமரா மெல்ல மேலே போகிறது: நடுவில் தொய்ந்த பீலி.

குரல்: ஐந்து பேர் இருக்கும் வீடு. நாளுக்கு 25 லீற்றர். நிரம்பியிருந்தால் 200 நாள் வந்திருக்கும். உள்ளே சேர்ந்தது 2,000 லீற்றர்தான். 80 நாளில் முடிந்தது. சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னமே அவர்கள் பழையபடி கானோடு வீதிக்குப் போனார்கள்.

படம்: 24 வயது மேசன் ஏணியில். நாங்கள் பயிற்சி கொடுத்த ஐந்து பேரில் ஒருவர். கையில் நூலும் நீர்மட்டமும்.

மேசன்: பீலி நேரா இருந்தா வடிவா இருக்கும் எண்டு வீட்டுக்காரர் சொல்லுவினம். நேரா இருந்தா தண்ணி நிக்கும். நிண்டா நுளம்பு. மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் சரிவு வேணும். இது எட்டு மீற்றர்ப் பீலி. அந்தத் தலைக்கும் இந்தத் தலைக்கும் எட்டுச் சென்ரிமீற்றர் இறக்கம்.

குரல்: இங்கே பிழை பீலிக் கொழுக்கிகளில். நாலடிக்கு ஒரு கொழுக்கி வைத்திருந்தார்கள், இரண்டடிக்கு ஒன்று வைக்க வேண்டிய இடத்தில்.



குரல்: நவம்பர்ப் புயலில் பீலி நிறையத் தண்ணீர், மேலே காற்று. பாரம் தாங்காமல் நடுப் பீலி தொய்ந்தது. தண்ணீர் தாங்கிக்குப் போகாமல் நடு முற்றத்தில் ஊற்றியது. மழை பெய்யும்போது யாரும் வெளியே நின்று கூரையைப் பார்ப்பதில்லை. அதனால் தாங்கி நிரம்புகிறது என்றே வீட்டார் நினைத்தார்கள்.

படம்: புதிய கொழுக்கிகள் ஏறுகின்றன. மேல் தலையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றப்படுகிறது. கமரா தண்ணீரோடு கூடவே ஓடுகிறது. கீழ்த் தலையில் தண்ணீர் விழும் வரை வெட்டாமல் ஒரே எடுப்பு.

மேசன்: ஒரு வாளி ஊத்திப் பாக்கிறது ஒரு நிமிசம். மாரிக்கு முன்னம் எல்லா வீட்டிலயும் ஊத்திப் பாக்க வேணும்.

படம்: சுவரோடு நிற்கும் 6 அங்குலக் குழாய், ஐந்தடி உயரம். அடியில் திருகு மூடி. மூடியைத் திறந்ததும் தேநீர் நிறத்தில் தண்ணீர், காய்ந்த இலை, பல்லி எச்சம்.

குரல்: இது முதல் மழையைப் பிடிக்கும் குழாய். கூரையைக் கழுவி வரும் முதல் 25 லீற்றர் இதற்குள் நிற்கும். அதற்குப் பிறகு வரும் தண்ணீர்தான் தாங்கிக்குப் போகும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மூடியைத் திறந்து விட வேண்டும். விடாவிட்டால் குழாய் நிறைந்தபடியே இருக்கும், அடுத்த மழையின் ஊத்தை நேரே தாங்கிக்குள் போகும். தாங்கியின் வாயில் நுளம்பு வலையும் கிழியாமல் இருக்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

படம்: வெடித்த தாங்கியின் சுவர். மேசனின் விரல் வெடிப்பின் மேல் ஓடுகிறது. பக்கத்தில் புதிய தாங்கி, ஈரச் சாக்கால் சுற்றி.

குரல்: வெடித்த இரண்டு தாங்கியும் பங்குனி வெயிலில் கட்டியவை. கம்பி வலையும் சீமெந்தும் சரியான அளவுதான். பூசியபிறகு ஈரச் சாக்குக் கட்டி நனைத்தது மூன்று நாள் மட்டும். கட்டுகிற இடத்திலும் தண்ணீர் தட்டுப்பாடு என்பதால் நனைப்பதை நிறுத்தியிருக்கிறார்கள். சீமெந்து இறுகத் தண்ணீர் வேண்டும். வெயில் அதை முதலே உறிஞ்சினால் சுவர் சுருங்கி வெடிக்கும். இனிமேல் 14 நாள் நனைப்போம். அதற்கு வேண்டிய சவர் கலக்காத தண்ணீரையும் கட்டுமானச் செலவிலேயே சேர்த்திருக்கிறோம்.

காட்சி 6 (5:10 – 6:00)

படம்: கணக்குப் புத்தகத்தின் பக்கம். எழுத்துக்கள் ஒவ்வொன்றாகத் திரையில்.

குரல்: ஒரு தாங்கிக்குப் பீலி, குழாய், கூலி எல்லாம் சேர்த்து 142,000 ரூபா. 38 தாங்கிக்கும் 5,396,000. இந்த வருடம் புதிய ஊருக்குப் போகவில்லை. காய்ந்த 11 வீட்டை முதலில் முடிக்கிறோம்.

திரையில் எழுத்து:
பீலி திருத்தம், 3 வீடு: 54,000
வெடிப்பு அடைத்தல், 2 வீடு: 24,000
இரண்டாவது தாங்கி, 6 வீடு: 852,000
மொத்தம்: 930,000 ரூபா

குரல்: பீலியும் வெடிப்பும் மழைக்கு முன் முடிய வேண்டிய வேலை. அந்த 78,000 ரூபா இந்தக் கூட்டத்திலேயே சேர்ந்தால் மேசன்மார் திங்கட்கிழமையே ஏணியைத் தூக்குவார்கள். இரண்டாவது தாங்கியை மார்கழிக்குப் பிறகு கட்டினாலும் அடுத்த மாரிக்குப் பிந்தாது. பணமாகத் தர முடியாதவர்கள் மழை தொடங்கியதும் தங்கள் ஊரில் உள்ள ஒரு வீட்டுக்குப் போய், மழை பெய்யும்போது குடை பிடித்து நின்று பீலி எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

திரையில் எழுத்து (கடைசி): வரவு செலவுப் புத்தகமும் 38 வீடுகளின் தடி அளவுப் பதிவும் கூட்ட மேசையில் இருக்கின்றன. யாரும் புரட்டிப் பார்க்கலாம்.