துறைமுகத்துக்கு வடக்கே மணல் ஏன் நிற்பதில்லை?

இரண்டாம் நாள், காலை 10.30 முதல் 11.15 வரை, அரங்கு 2
உரை: கடற்கரைப் பொறியியல் ஆய்வாளர், வீராம்பட்டினம்
மொழி: தமிழ்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இன்று மாலை நடை போகிறவர்களில் இளையவர்கள் பலருக்கு, கருங்கல் குவியலுக்கு அப்பால் அகன்ற மணல்வெளி இருந்தது தெரியாது. மீனவர்கள் கரைவலை இழுத்ததும், கட்டுமரங்களை ஏற்றி வைத்ததும் அந்த மணலில்தான். அது போன காரணத்தை இந்த உரை பழைய, புதிய படங்களை அடுத்தடுத்து வைத்துக் காட்டுகிறது.

ஆண்டின் பெரும்பகுதி இந்தக் கரையோரமாக மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திசை மாறினாலும் அதன் அளவு குறைவு. ஆண்டுக் கணக்கில் வடக்குதான் வெல்லும். அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கட்டப்பட்ட அலைத்தடுப்புச் சுவர்கள் இந்த ஓட்டத்தை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே நகரத்துக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. அலை மட்டும் வழக்கம்போல வந்து, இருந்ததையும் எடுத்துப் போனது.

உரையின் கனமான பகுதி இதற்குப் பிறகு வருகிறது. சாலையைக் காக்கக் கல் கொட்டினோம். சாலை காக்கப்பட்டது, மணல் திரும்பவில்லை. கல் போட்ட இடத்தின் முடிவில் அரிப்பு தொடர்ந்து வடக்கே நகர்ந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் தாண்டி, மாநில எல்லைக்கு அப்பால் சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரை வீடுகளும் படகுத் துறைகளும் பாதிக்கப்பட்டன. ஒரு குப்பத்துக்குப் போடும் கல் அடுத்த குப்பத்தின் மணலைப் பறிக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் படங்கள் மறுக்க முடியாதபடி காட்டுகின்றன. எல்லைக்கு இருபுறமும் உள்ள அரசுகள் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய காரணமும் இதுவே என்கிறார் பேச்சாளர். எங்கள் கருத்தும் அதுதான்.

நம்பிக்கை தரும் பகுதியும் உண்டு. தலைமைச் செயலகத்துக்கு எதிரே தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் கடலுக்கு அடியில் அமைத்த ஆப்பு வடிவத் திட்டு அலையின் வேகத்தைக் குறைக்கிறது. துறைமுகத்தில் தூர்வாரிய மணலும் வடக்கே கொட்டப்பட்டது. அதன் பின் அங்கே மணற்கரை மீண்டும் தெரிந்தது. ஆனால் அது சிறிய பரப்பு. தெற்கே தேங்கும் மணலை ஆண்டுதோறும் வடக்கே மாற்றிக்கொண்டே இருந்தால்தான் கரை நிலைக்கும். ஒருமுறை செய்து முடிக்கும் வேலை அல்ல இது.

கணிதச் சமன்பாடுகள் உரையில் இல்லை. மீனவப் பஞ்சாயத்தினர், பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள், புவியியல் மாணவர்கள் அவசியம் வாருங்கள். உங்கள் ஊர்க் கரையின் பழைய புகைப்படம் இருந்தால் எடுத்த ஆண்டைப் பின்புறம் எழுதிக் கொண்டுவாருங்கள். கடைசிப் பதினைந்து நிமிடம் கேள்விகளுக்கு. அந்தப் படங்களும் அப்போது திரையில் காட்டப்படும்.