சுழலும் ஸ்டீல் பாட்டில்: 8 நொடி விளம்பர வீடியோவுக்கான பிராம்ப்ட்

நிஜமான ஸ்டுடியோவில் எடுத்தது போன்ற 8 நொடி விளம்பர வீடியோ, செங்குத்தாக 9:16, நொடிக்கு 24 ஃப்ரேம். பளபளப்பான கறுப்பு அக்ரிலிக் பலகை மேல் ஒரு ஸ்டீல் தண்ணீர் பாட்டில் நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது, அவ்வளவுதான். குன்னூரில் இருக்கும் சின்னக் கடைக்கான விளம்பரம். நீலகிரிக்கு வருகிறவர்கள் போனில் பார்க்கப்போவது, அதனால் பாட்டில் சட்டத்தின் நடுவில் பெரிதாக இருக்கட்டும். மேலே மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விடு, எழுத்தை நாங்கள் எடிட்டிங்கில் போட்டுக்கொள்வோம்.

பாட்டில் 750 மில்லி, இரட்டைச் சுவர் வெற்றிடப் பாட்டில், 304 ஸ்டீல், பெயிண்ட் கிடையாது. உடம்பு முழுக்க மெல்லிய குறுக்குக் கோடுகள் ஓடும் மங்கலான பிரஷ்டு ஃபினிஷ். கழுத்தில் மட்டும் விரல் அகலத்துக்குக் கண்ணாடி மாதிரி பளபளக்கும் வளையம். திருகு மூடியும் ஸ்டீல்தான், மேலே வளைந்த கைப்பிடி. கைப்பிடி சுற்றும்போது அதன் வடிவமும் மாறவேண்டும்: ஒரு கட்டத்தில் அகலமான வளைவு, கால் சுற்று போனதும் ஒல்லியான பட்டை.

உடம்பின் நடுவில், பாட்டிலைச் சுற்றி ஓடி ஆரம்பித்த இடத்திலேயே வந்து சேரும் ஒரே கோடாக லேசரில் செதுக்கிய மலைமுகடு. அதன் ஏற்றமான பக்கத்தில் குட்டியாக மலை ரயில், வலப்பக்கம் பார்த்து ஏறுகிறது. நீராவி என்ஜின் பெட்டிகளுக்குப் பின்னால், அதாவது இடது கோடியில் இருக்கவேண்டும், ஏனென்றால் கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏறும்போது அது பின்னாலிருந்துதான் தள்ளும். முன்னால் போட்டுவிட்டால் இந்த ஊர்க்காரன் யாரும் அந்தப் பாட்டிலை வாங்கமாட்டான். பாட்டில் மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது, அப்போதுதான் ரயில் நம் கண்ணுக்கு இடமிருந்து வலமாக முன்னே போகும். வேகம் நொடிக்கு 45 டிகிரி, தொடக்கத்திலும் முடிவிலும் தயங்காமல் ஒரே சீராக.

இப்போது முக்கியமான விஷயம், இதில்தான் முக்கால்வாசி வீடியோக்கள் பொய்யாகத் தெரிகின்றன. பாட்டில் உருளை, அது சுற்றினாலும் அதன் மேல் விழும் ஒளிப்பட்டை சுற்றாது. விளக்கும் கேமராவும் நகராதவரை ஒளி நின்ற இடத்திலேயே நிற்கும், செதுக்கல் மட்டும் அதன் குறுக்கே போகும். இடப்பக்கம் சற்றுப் பின்தள்ளி உயரமான ஸ்ட்ரிப் சாஃப்ட்பாக்ஸ் ஒன்று, வலப்பக்கம் அதைவிட ஒல்லியாக இன்னொன்று, இரண்டுக்கும் நடுவில் உடம்பு கொஞ்சம் இருட்டாக, ஆனால் செதுக்கல் தெரியும் அளவுக்கு மட்டும் முன்னாலிருந்து மெல்லிய ஒளி. ரயில் இடது ஒளிப்பட்டையைக் கடக்கும்போது கோடுகள் கறுப்பாகத் தெளியட்டும். இருட்டுப் பகுதிக்கு வந்ததும் அதே கோடுகள் சாம்பல் நிறத்தில் லேசாக மின்னட்டும். ஒளிப்பட்டைகளின் ஓரம் கத்தி வெட்டு மாதிரி வேண்டாம், பிரஷ்டு ஸ்டீலில் அது கரைந்துதான் போகும். கழுத்து வளையத்தில் மட்டும் கூர்மையாக இருக்கலாம். மூடிக்கு மேலே பின்னாலிருந்து ஒரு சின்ன விளக்கு, விளிம்பைப் பிரித்துக் காட்ட. எல்லா விளக்கும் 5600 கெல்வின், ஸ்டீல் ஸ்டீல் நிறத்தில் இருக்கட்டும், நீலம் பூசாதே.

பலகையில் பாட்டிலின் பிரதிபலிப்பு தலைகீழாகத் தெரியும், ரயில் சக்கரம் மேலே பார்க்க. அதுவும் அதே நேரத்தில் அதே பக்கம்தான், வலப்பக்கம்தான் போகவேண்டும். பாட்டிலின் அடியும் பிரதிபலிப்பின் அடியும் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் பாட்டில் மிதப்பது போல் ஆகிவிடும். ஒரே பிம்பம்தான், இரட்டை விளிம்பு கூடாது. கீழே போகப் போக மங்கி, பாதி உயரத்தில் இருட்டில் கலந்துவிடட்டும். டர்ன்டேபிள் கண்ணில் படக்கூடாது, பலகையின் விளிம்பும் கூடாது.

கேமரா அசையாது. 100 மி.மீ. லென்ஸ், பாட்டிலின் பாதி உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, முன்னிருந்து பின்வரை முழுப் பாட்டிலும் ஃபோகஸில். பின்னணி கிட்டத்தட்டக் கறுப்பு, பாட்டிலுக்குப் பின்னால் மட்டும் லேசான சாம்பல் வட்டம்.

வேண்டாதவை: பாட்டில் மேல் தண்ணீர்த்துளி வேண்டவே வேண்டாம். விளம்பரம் என்றாலே துளி தெளிப்பார்கள், ஆனால் வெற்றிடச் சுவர் இருக்கும் பாட்டில் வெளியே வியர்க்காது, அதைச் சொல்லித்தான் கடையில் விற்கிறோம். மூடி மேல் ஆவியும் வேண்டாம். தேயிலைத் தோட்டம், பனிமூட்டம், யூகலிப்டஸ் மரம், கை, முகம், எழுத்து, லோகோ எதுவும் வரக்கூடாது. ஸ்டீலுக்குள் கேமராவோ ஆளோ பிரதிபலிக்கவும் கூடாது. சத்தமும் வேண்டாம், குரலைப் பிறகு சேர்ப்போம்: “நீலகிரியில பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்குத் தடை. கையில ஒண்ணு வெச்சுக்கோங்க.”

முதல் ஃப்ரேமில் ரயில் நேர் நடுவில் இருக்கட்டும். கடைசி ஃப்ரேம், அதாவது 192ஆவது, அந்த நிலைக்கு ஒரே ஒரு படி முன்னால் நிற்கவேண்டும், அப்போதுதான் கடைத் திரையில் திரும்பத் திரும்ப ஓடும்போது ஒட்டு தெரியாது.