நகைக்கடன் நிபந்தனைகள்: வட்டிக் கணக்கு, ஏலம், ஏல அறிவிப்பு
(கும்பகோணம் கிளை, 2026 ஏப்ரல் 6 அன்று வழங்கிய ரூ.1,50,000 கடனுக்கான ஒப்பந்தத்தின் இணைப்பு)

அடகு வைத்த நகைகள்

கல் வைத்த நெக்லஸ் ஒன்று, வளையல் ஒரு ஜோடி. இரண்டும் 22 கேரட். மொத்த எடை 17.600 கிராம். நெக்லஸில் கல், அரக்குக்கு 1.600 கிராம் கழித்து நிகர எடை 16.000 கிராம். எடை போட்டதும் உரைத்துப் பார்த்ததும் உங்கள் கண்முன்தான் நடந்தது. முந்தைய 30 நாள் சராசரி விலை, முந்தைய நாள் முடிவு விலை இரண்டில் குறைவானதை எடுத்து, கிராமுக்கு ரூ.12,500 வீதம் மதிப்பு ரூ.2,00,000. கல்லுக்கும் செய்கூலிக்கும் மதிப்பு சேர்க்கவில்லை. ரூ.2.5 லட்சம் வரையான கடனுக்கு ரிசர்வ் வங்கி விதித்த உச்சவரம்பு நகை மதிப்பில் 85 சதவீதம், அதாவது ரூ.1,70,000. ஓராண்டு வட்டி ரூ.18,000 சேர்ந்தாலும் உங்கள் கடன் ரூ.1,68,000 என்று அதற்குள் நிற்கிறது.

வட்டி

ஆண்டுக்கு 12 சதவீதம், தனிவட்டி. நாள் கணக்கில் மட்டுமே வட்டி. பத்து நாளில் மீட்டாலும் முழு மாத வட்டி கேட்க மாட்டோம். கடன் வாங்கிய நாள் கணக்கில் சேரும், பணம் கட்டும் நாள் சேராது. ரூ.1,50,000-க்கு ஒரு நாள் வட்டி ரூ.49.32.

இடையில் எப்போது வேண்டுமானாலும் பணம் கட்டலாம். கட்டும் தொகை முதலில் அன்றுவரையான வட்டிக்கும் மிச்சம் அசலுக்கும் போகும். ஜூன் 5 அன்று ரூ.50,000 கட்டினால், 60 நாள் வட்டி ரூ.2,958.90 போக அசல் ரூ.1,02,958.90 ஆகக் குறையும். மறுநாள் முதல் அல்ல, அன்றிலிருந்தே ஒரு நாள் வட்டி ரூ.33.85தான். முன்கூட்டி மீட்பதற்குக் கட்டணம் கிடையாது. ஒவ்வொரு முறையும் ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

தவணை முடியும் நாள் 2027 ஏப்ரல் 6. அதற்குப் பிறகும் வட்டி 12 சதவீதமே. அதோடு நிலுவை அசலுக்கு ஆண்டுக்கு 2 சதவீதம் தாமதக் கட்டணம் தனியாகச் சேரும். அந்தக் கட்டணத்துக்கு வட்டி போட மாட்டோம். திருப்பி வைக்க விரும்பினால், அதுவரையான வட்டியை முழுதும் கட்டியிருக்க வேண்டும்.

ஏலத்துக்கு முன் அறிவிப்பு

கையெழுத்திடும் முன் இந்தப் பகுதியை இரண்டு முறை வாசியுங்கள், அல்லது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தவணை முடிய 30 நாள் இருக்கும்போது நினைவூட்டுக் கடிதமும் குறுஞ்செய்தியும் வரும். முடிந்தும் கட்டாவிட்டால் கிளையிலிருந்து போனில் பேசுவோம். அதன்பின் ஒப்புகை அட்டையுடன் ஸ்பீடு போஸ்டில் ஏல அறிவிப்பு அனுப்புவோம். அதில் அன்றைய பாக்கி, ஏல நாள், இடம், நேரம் எல்லாம் இருக்கும். அது உங்கள் கையில் சேர்ந்து 30 நாள் கழியாமல் ஏலம் கிடையாது. கடிதம் திரும்பி வந்தால் அதையே காரணமாக்கி ஏலம் விட மாட்டோம். பொது அறிவிப்பு வெளியிட்டு, அதிலிருந்து ஒரு மாதம் காத்திருப்போம். வீடு மாறியதாலோ நம்பர் மாறியதாலோ தகவல் சேராமல் நகையைப் பறிகொடுப்பது மிகவும் வேதனையான விஷயம். முகவரி மாறினால் அன்றே கிளையில் எழுதிக் கொடுங்கள்.

ஏலத்தன்று காலை வரையிலும் பாக்கியைக் கட்டி நகையை மீட்கலாம்.

ஏலம்

தஞ்சாவூர் மாவட்டத்துக்குள்ளேயே பொது ஏலமாக நடக்கும். ஒரு தமிழ் நாளிதழிலும் ஒரு தேசிய நாளிதழிலும் விளம்பரம் வரும். ஆரம்ப விலை அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையாது. இரண்டு ஏலம் போகாவிட்டால் மட்டும் 85 சதவீதம் வரை இறங்கலாம். நிறுவனமும் அதைச் சேர்ந்தவர்களும் ஏலம் கேட்கக் கூடாது. ஒரு நகை விற்ற பணமே பாக்கிக்குப் போதுமானால் மற்றதைத் தொடாமல் திருப்பித் தருவோம்.

கணக்கு இப்படி வரும்: 2027 ஜூன் 5 அன்று ஏலம் என்று வையுங்கள். அசல் ரூ.1,50,000, 425 நாள் வட்டி ரூ.20,958.90, 60 நாள் தாமதக் கட்டணம் ரூ.493.15, விளம்பரச் செலவில் உங்கள் பங்கு ரூ.1,500, ஆக ரூ.1,72,952.05. இரண்டும் சேர்ந்து ரூ.2,05,000-க்குப் போனால் மிச்சம் ரூ.32,047.95 உங்களுடையது. ஏலப் பணம் முழுதும் எங்களுக்கு வந்த 7 வேலை நாளுக்குள், ஏல விவரத் தாளோடு உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்புவோம்.

நகையைத் திருப்பித் தருவது

முழுப் பணமும் கட்டிய அன்றே நகை கையில் வரும். எப்படியும் 7 வேலை நாளைத் தாண்டாது. எங்கள் தவறால் தாண்டினால் நாளொன்றுக்கு ரூ.5,000 உங்களுக்கு நாங்கள் தர வேண்டும்.

புகார்

முதலில் கிளை மேலாளரிடம் எழுத்து மூலம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் சரியாகப் படாவிட்டாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் முறையிடலாம். விவரம் கேட்க இலவசத் தொலைபேசி எண் 14448.

உறுதிமொழி

மேற்கண்டவை தமிழில் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. கேட்ட சந்தேகங்களுக்கு விளக்கம் சொன்னார்கள். நிறுவனத்தில் வேலை பார்க்காத ஒருவர் சாட்சியாக உடனிருந்தார். நகை விவரச் சான்றும் இந்த நிபந்தனைகளின் நகலும் பெற்றுக்கொண்டேன்.