அப்பத்தாவுக்கு: ஞாயிற்றுக்கிழமைப் படங்கள்

ஸ்டுட்கார்ட்,
7-9-2025

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

நான் இங்கே நலமாக இருக்கிறேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு உங்களுக்கு எழுத்து நன்றாகத் தெரிகிறது என்று சித்தப்பா சொன்னார். அதனால்தான் போனில் சொல்லாமல் கடிதமாக எழுதுகிறேன். மெதுவாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

வீடியோ காலில் நீங்கள் "சாப்பிட்டியா, குளிர் எப்படி" என்று கேட்கிறீர்கள், நான் "மாத்திரை போட்டீங்களா" என்று கேட்கிறேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடுவதில்லை. முன்பெல்லாம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து டிவியில் படம் பார்க்கும்போது அப்படியா இருந்தது? படம் பாட்டுக்கு ஓடும். டெண்டுக் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த கதையை நீங்கள் சொல்லிக்கொண்டே இருப்பீர்கள். எனக்கு அந்தப் பேச்சு வேண்டும் அப்பத்தா. அதற்காகத்தான் சில படங்களை யோசித்து வைத்திருக்கிறேன்.

முதலில் 'காக்கா முட்டை' பார்க்கலாம். 2015-இல் வந்தது, இரண்டு மணி நேரம்கூட ஆகாது. சென்னையில் குடிசைப் பகுதியில் வளரும் இரண்டு பையன்கள் பீட்சா சாப்பிட ஆசைப்படுகிறார்கள். அவர்களுடைய பாட்டி, விளம்பரத் தாளில் இருக்கும் படத்தைப் பார்த்துப் பார்த்து, தோசை மாவிலேயே ஒரு பீட்சா சுட்டுக் கொடுப்பார். அந்தக் காட்சியை நீங்கள் பார்க்கும்போது உங்கள் முகத்தை நான் பார்க்க வேண்டும்.

அதே இயக்குநர் மணிகண்டன் எடுத்த 'கடைசி விவசாயி'யை உங்களைத் தவிர வேறு யாரோடும் பார்க்க எனக்கு மனமில்லை. நம்ம உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் எடுத்த படம். குலசாமி கும்பிடுக்கு நெல் வேண்டும், ஊரில் இன்னும் விவசாயம் பார்ப்பவர் மாயாண்டி என்கிற பெரியவர் ஒருவர்தான். செத்துக் கிடந்த மயில்களைத் தன் நிலத்தில் புதைத்ததற்காக அவர்மேல் கேஸ் போட்டுவிடுவார்கள். கோர்ட்டில் நின்றுகொண்டு தன்னைப் பற்றி அவர் கவலைப்படமாட்டார். பயிருக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆள் இல்லையே என்றுதான் தவிப்பார். கடைசியில் ஒரு போலீஸ்காரர் போய் அந்தப் பயிரைப் பார்த்துக்கொள்ள வேண்டியதாகும். மாயாண்டியாக வரும் நல்லாண்டி நிஜமாகவே விவசாயி. 2022-இல் படம் வெளிவரும் முன்பே அவர் இறந்துவிட்டார். தேசிய விருதில் அவர் நடிப்பைச் சிறப்பாகக் குறிப்பிட்டார்கள். அவர் நடையும் பேச்சும் எனக்குத் தாத்தாவை அப்படியே கொண்டுவந்து நிறுத்தின. அதனால் ஒன்று கேட்கிறேன்: பார்த்தால் மனசு கனக்கும் என்று தோன்றினால் இந்தப் படத்தை இன்னும் கொஞ்ச நாள் தள்ளிவைப்போம். பார்ப்பதானால், தாத்தா கிணற்றுப் பாசனத்தில் எந்த நெல் போட்டார், முறைத் தண்ணீருக்கு இரவில் யார் காவல் இருந்தார்கள் என்பதையெல்லாம் நீங்கள் சொல்ல வேண்டும். அப்பாவுக்கே பாதிதான் தெரிகிறது.

'தில்லானா மோகனாம்பாள்' உங்களுக்கு மனப்பாடம் என்று தெரியும். ஆனாலும் பார்ப்போம். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை, 1968-இல் படமானது. சிவாஜி வாசிப்பதாக நாம் நம்பிவிடுகிற அந்த நாதஸ்வரம், மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது. உங்கள் கல்யாணத்துக்கு மேளம் எந்த ஊரிலிருந்து வந்தது? அதை இதுவரை நான் கேட்டதே இல்லை. ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா வரும் இடங்களில் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், எனக்கு அவசரமே இல்லை. நீளமான படம், இரண்டு ஞாயிறு ஆகும்.

அண்ணன் தங்கை கதை என்றால் மகேந்திரனின் 'முள்ளும் மலரும்'. நீங்கள் உங்கள் அண்ணனைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் காளிதான் நினைவுக்கு வருவான். முழங்கால் வலி அதிகமாக இருக்கிற நாளுக்கு 'காதலிக்க நேரமில்லை' இருக்கிறது. நாகேஷ் பாலையாவிடம் பேய்க்கதை சொல்லும் இடம் வந்தால் வலி கொஞ்ச நேரம் மறந்துவிடும்.

பார்ப்பது எப்படி என்றால், படத்தைக் கவிதா டிவியில் போட்டுத் தருவாள். போனைச் சொம்பில் சாய்த்து, உங்கள் முகம் தெரிகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். அதே படத்தை அதே நேரத்தில் இங்கே நானும் ஓடவிடுவேன். சத்தம் எதிரொலிக்காமல் இருக்க நான் ஹெட்போன் போட்டுக்கொள்வேன். உங்களுக்கு ஞாயிறு மாலை நாலு மணி, எனக்குப் பகல் பன்னிரண்டரை. அக்டோபர் கடைசியில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், உங்களுக்கு எப்போதும் நாலு மணிதான். இடைவேளையில் நீங்கள் காபி குடியுங்கள், நான் சமையலை முடித்துவிட்டு வருகிறேன்.

இதில் பிடிக்காத படம் இருந்தால் தள்ளிவிடுங்கள். நீங்களும் தாத்தாவும் முதன்முதலாகச் சேர்ந்து பார்த்த படம் எது என்று சொல்லுங்கள். கிடைக்குமா என்று தேடிப் பார்க்கிறேன். சித்தப்பாவையும் சித்தியையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புப் பேரன்,
முத்துக்குமார்