நூலகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

படத்தில் தெரிகிற குவியல் முழுக்க குழந்தைகள் பிரிவில் இருந்து வந்த புத்தகங்கள். அட்டை கழன்றவை, நடுப்பக்கம் பிய்ந்தவை. காலையில் இருந்து சிலபேர் சேர்ந்து உட்கார்ந்து ஒட்டினோம். அதிகம் பேசிக்கொள்ளவில்லை. அது ரொம்பப் பிடித்திருந்தது.

வேலையைச் சொல்லிக்கொடுத்தது நூலகர் அக்கா. செல்லோடேப் பக்கமே போகாதீர்கள், கொஞ்ச நாளில் மஞ்சளாகித் தாளையும் கெடுத்துவிடும் என்றார். மெல்லிய தாளைக் கிழிசலின் மேல் வைத்து, பசையைத் தூரிகையால் லேசாகத் தடவி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க இடையில் மெழுகுத்தாள் செருகி, மேலே கனமான அகராதியை ஏற்றி வைக்க வேண்டும். பல வருடமாக இதைத் தனியாகச் செய்துவருகிறார். இன்றைய பாராட்டு எல்லாம் அவருக்குத்தான்.

எனக்குக் கிடைத்த யானைக் கதைப் புத்தகத்தில் ஒரே ஒரு பக்கம்தான் கிழிந்திருந்தது, யானை குளிக்கிற பக்கம். எத்தனை பிள்ளைகள் அதையே திரும்பத் திரும்பப் புரட்டியிருப்பார்கள்! அதை ஒட்டும்போது வந்த சந்தோஷத்தை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பசை காய ஒரு இரவு ஆகும். அப்புறம் எல்லாம் பழையபடி அலமாரிக்குப் போய்விடும். குவியல் இன்னும் மீதி இருக்கிறது. அடுத்த ஞாயிறு வர விருப்பம் இருந்தால் சொல்லுங்கள், பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.