வியாழன் மதிய உணவுச் சந்திப்பு: உறுதி

வணக்கம் கலா மேடம்,

ஜூன் 11, வியாழக்கிழமை மதிய உணவுச் சந்திப்பு உறுதியாகிவிட்டது. இடம் திருப்பூரில், அவிநாசி சாலையில் உள்ள எங்கள் அலுவலகத்தின் இரண்டாவது மாடி. ஹோட்டலில் வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் துணி மாதிரிகளைத் தொட்டுப் பார்த்துப் பேச இங்கேதான் வசதி.

கோவையில் நீங்கள் தங்கும் ஹோட்டலுக்குக் கார் 11.15-க்கு வந்துவிடும். 12.45-க்குச் சாப்பாடு, பேச்சு 2.30 வரை. 3 மணிக்குச் சாயப்பட்டறைக்குப் போகலாம்.

உங்களுக்குச் சைவம், நிலக்கடலை ஒவ்வாமை என்று எழுதியிருந்தீர்கள். இங்கே பல சமையலறைகளில் கடலை எண்ணெய்தான்; சட்னியிலும் கடலை சேர்ப்பார்கள். அதனால் சமையல்காரரிடம் நானே நேரில் பேசிவிட்டேன். அன்று எல்லோருக்கும் நல்லெண்ணெயில்தான் சமையல். கடலை, கடலை மிட்டாய் எதுவும் பந்தியில் இருக்காது. மருந்து கையில் இருக்கட்டும்.

உடன் வரும் ரஹீம் சாருக்கு ஹலால் பிரியாணி தனியாக வரும். அதிலும் கடலை இல்லை. அவருக்குக் காரம் குறைவாக வேண்டுமா? செவ்வாய்க்குள் சொன்னால் போதும்.

அன்புடன்,
முருகேசன்
ஏற்றுமதிப் பிரிவு