சர்வேயர் கூடுதலாகப் பிடித்த தேய்மானத் தொகை 18,000 ரூபாயைத் திருப்பித் தரக் கேட்டு

நாள்: 20 ஜனவரி 2025
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்

பெறுநர்: குறைதீர்ப்பு அதிகாரி, மோட்டார் க்ளெய்ம் பிரிவு

ஐயா, வணக்கம்.

2024 நவம்பர் 21-ஆம் தேதி நடந்த விபத்துக்கு நான் போட்ட க்ளெய்மில், 85,000 ரூபாய் பில்லுக்கு 49,650 ரூபாய்தான் ஜனவரி 10-ஆம் தேதி என் கணக்கில் ஏறியிருக்கிறது. மீதி எங்கே போனது என்று கேட்டு இரண்டு முறை மெயில் போட்ட பிறகுதான் சர்வேயர் ரிப்போர்ட்டின் நகல் கிடைத்தது. அதை பாலிசிப் புத்தகத்தோடு வரிவரியாக வைத்துப் பார்த்தேன். தேய்மானம் என்ற பெயரில் 34,350 ரூபாய் பிடித்திருக்கிறார். உங்கள் பாலிசியில் அச்சிட்டிருக்கும் அட்டவணைப்படி பிடிக்க வேண்டியது 16,350 மட்டும். வித்தியாசம் சரியாக 18,000. இந்தப் பணத்தைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எடுத்திருப்பது பம்பர் டூ பம்பர் பாலிசி இல்லை, சாதாரண பேக்கேஜ் பாலிசிதான். தேய்மானமே பிடிக்கக் கூடாது என்று நான் கேட்கவில்லை. முன் பம்பர், கிரில், இடது ஹெட்லைட், ஃபெண்டர் லைனர் எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய்க்குப் பிளாஸ்டிக் சாமான் மாற்றியிருக்கிறது, அதில் பாதி 9,000 பிடித்தது சரி. வண்டி 1,197 சிசி என்பதால் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய், அதுவும் சரி. மற்றது எதுவும் சரியில்லை.

விபத்தைப் பற்றி உங்களுக்கும் சர்வேயருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை, ஆனாலும் இந்த மெயிலைப் புதிதாகப் படிப்பவருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அம்மாவைக் குன்னூரில் டாக்டரிடம் காட்டிவிட்டு சாயங்காலம் ஆறரை மணிக்குக் கோத்தகிரி திரும்பிக்கொண்டிருந்தோம். எடப்பள்ளி தாண்டியதும் மூடுபனி, பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை, இரண்டாவது கியரில்தான் வந்தேன். தேயிலைச் சரிவிலிருந்து ஒரு காட்டெருமை ரோட்டில் இறங்கி நின்றது. அதை இடிக்காமல் இருக்க இடது பக்கம் ஒடித்ததில் வண்டி ஓரத்துத் தடுப்புச் சுவரில் மோதியது. முன் கண்ணாடி கீழ் மூலையிலிருந்து மேல் வரை விரிந்துவிட்டது, ஏசி கேஸ் 'உஸ்' என்று வெளியேறும் சத்தம் மட்டும் கேட்டது. யாருக்கும் அடி இல்லை. மறுநாள் ரெக்கவரி வேனில் ஏற்றிக் கோவையில் உங்கள் பட்டியலில் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்கே கொண்டுபோய் விட்டோம்.

இனி ரிப்போர்ட்டுக்கு வருகிறேன்.

பானட், இடது ஃபெண்டர், ரேடியேட்டர் சப்போர்ட், லோயர் ஆர்ம், இந்த நான்கும் இரும்பு, மொத்தம் 23,000 ரூபாய். இதற்கு 25 சதவீதம் பிடித்திருக்கிறார். ரிப்போர்ட்டில் வண்டியின் வயது "3 வருடம் 9 நாள்" என்று எழுதியிருக்கிறது. அது எப்படி வந்தது என்று முதலில் எனக்குப் புரியவில்லை. ஆர்சி புத்தகத்தை எடுத்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வண்டி முதலில் பதிவானது 2021 டிசம்பர் 9. விபத்து நடந்தது 2024 நவம்பர் 21. ஆக அன்றைக்கு வண்டியின் வயது 2 வருடம் 11 மாதம் 12 நாள். சர்வேயர் எண்ணியது விபத்து நாள் வரை இல்லை, ஒர்க்‌ஷாப் பைனல் பில் போட்ட டிசம்பர் 18 வரை. லோயர் ஆர்ம் ஸ்டாக் இல்லாமல் பத்து நாளுக்கு மேல் காத்திருந்ததால்தான் பில் அவ்வளவு தள்ளிப்போனது. பார்ட்ஸ் தாமதமாக வந்ததற்கு என் வண்டி எப்படி ஒரு வயது கூடும்? அட்டவணையில் இரண்டு வருடத்துக்கு மேல் மூன்று வருடம் வரை 15 சதவீதம், மூன்றுக்கு மேல் நான்கு வரை 25 சதவீதம். நான் முதல் வரியில் வருகிறேன், அவர் என்னை அடுத்த வரிக்குத் தள்ளியிருக்கிறார்.

இதில் இன்னொன்றையும் தயவுசெய்து பாருங்கள். நீங்கள் க்ளெய்ம் கொடுத்திருக்கும் பாலிசி 2024 டிசம்பர் 8 நள்ளிரவோடு முடிந்துவிட்டது. பில் தேதிதான் கணக்கு என்றால் அந்தத் தேதியில் இந்தப் பாலிசியே நடப்பில் இல்லை. விபத்து நாளில் பாலிசி இருந்தது என்பதால்தானே க்ளெய்மை ஏற்றுக்கொண்டீர்கள். அப்படியானால் வண்டியின் வயதுக்கும் அதே நாள்தான் கணக்கு. பிடிக்க வேண்டியது 3,450, பிடித்தது 5,750, எனக்கு வர வேண்டியது 2,300.

அடுத்தது ஏசி கண்டென்சர், 8,000 ரூபாய். இதை பம்பர், கிரில்லோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பட்டியலில் போட்டு 50 சதவீதம் எடுத்திருக்கிறார். கண்டென்சர் அலுமினியம். ஒர்க்‌ஷாப்பில் கழற்றிப் போட்டிருந்ததை நானே கையில் எடுத்துப் பார்த்தேன், பெருவிரலால் தொட்டாலே மெல்லிய தகடு தகடாக மடங்கியது, குழாய் வளைந்த இடத்தில் உலோகம் பளபளவென்று தெரிந்தது. போட்டோ இணைத்திருக்கிறேன். ஓரத்தில் இரண்டு பிளாஸ்டிக் கிளிப் இருக்கிறது என்பதால் மொத்தமும் பிளாஸ்டிக் ஆகிவிடாது. 15 சதவீதம் என்றால் 1,200. அவர் பிடித்தது 4,000. வர வேண்டியது 2,800.

முன் கண்ணாடி. இதில்தான் எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாகிவிட்டது, ஏனென்றால் பாலிசியில் ஒரே வரியில், யாருக்கும் புரிகிற மாதிரி, கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானம் இல்லை என்று போட்டிருக்கிறது. கண்ணாடி 7,200, அதை ஒட்டுகிற ரப்பர், சீலன்ட் 800, இரண்டையும் "விண்ட்ஷீல்டு கிட்" என்று ஒன்றாக்கி 8,000-க்கும் 50 சதவீதம் போட்டுவிட்டார். ஒர்க்‌ஷாப் பில்லில் இரண்டும் தனித்தனி வரியாக, தனித்தனி விலையோடுதான் இருக்கிறது. ரப்பருக்குப் பாதி 400 பிடிக்கட்டும், ஒத்துக்கொள்கிறேன். கண்ணாடியில் பிடித்த 3,600 என்னுடையது.

பெயிண்டிங்தான் பெரிய தொகை. ஒர்க்‌ஷாப் மெட்டீரியல் தனி, கூலி தனி என்று பிரிக்காமல் மொத்தமாக 18,400 ரூபாய் பில் கொடுத்தது. சர்வேயர் அதில் நேர்பாதி 9,200 எடுத்திருக்கிறார். ஆனால் 50 சதவீதம் என்பது பெயிண்ட் மெட்டீரியலுக்கு மட்டும்தான். மொத்த பில்லாக இருந்தால் அதில் கால் பங்கை, அதாவது 25 சதவீதத்தை, மெட்டீரியலாக வைத்து அதற்குத்தான் தேய்மானம் போட வேண்டும் என்று அதே அட்டவணைக்குக் கீழேயே எழுதியிருக்கிறது. 18,400-இல் கால் பங்கு 4,600, அதில் பாதி 2,300. ஒரு வரியைப் படிக்காமல் விட்டதில் 6,900 ரூபாய் போயிருக்கிறது.

கடைசியாக டிங்கரிங், ஃபிட்டிங் கூலி 9,600. இதற்கும் 25 சதவீதம், 2,400 ரூபாய். மாற்றிய பாகத்துக்குத்தான் தேய்மானம் என்று பாலிசி சொல்கிறது. ஒரு மனிதர் ஒரு வாரம் நின்று தட்டி நிமிர்த்திய வேலையில் எது தேய்ந்தது?

இதையெல்லாம் ஜனவரி 14-ஆம் தேதி சர்வேயரிடம் போனில் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சொன்ன பதில், "மலையில ஓடுற வண்டிம்மா, கீழ ஓடுற வண்டிய விடத் தேய்மானம் கூடத்தான் இருக்கும்" என்பது. இதை நான் சும்மா விட முடியாது. எங்கள் வண்டிகளில் பிரேக்கும் கிளட்சும் சீக்கிரம் தேயும், உண்மை. அதை நாங்கள் கைக்காசு போட்டு மாற்றிக்கொள்கிறோம், யாரும் உங்களிடம் க்ளெய்ம் கேட்பதில்லை. அட்டவணை பார்ப்பது இரண்டே விஷயம், பாகம் எதனால் ஆனது, வண்டிக்கு என்ன வயது. மலைக்கு ஒரு சதவீதம், சமவெளிக்கு ஒரு சதவீதம் என்று அதில் எங்கேயும் இல்லை. கொண்டை ஊசி வளைவில் ஏறி இறங்கியதால் முன் கண்ணாடி தேய்ந்துவிட்டது என்றால், இந்த மாவட்டத்தில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் இதே மாதிரி பிடிக்கலாம் என்று ஆகிவிடும். ப்ரீமியம் வாங்கும்போது கோத்தகிரி முகவரி உங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது.

"சர்வேயர் போட்டதுதான், நாங்கள் மாற்ற முடியாது" என்று உங்கள் கஸ்டமர் கேரில் இரண்டு பேர் சொன்னார்கள். அதுவும் சரியில்லை. காப்பீட்டுச் சட்டம் 1938, பிரிவு 64யூஎம், சர்வேயர் மதிப்பிட்ட தொகையிலிருந்து வேறான தொகையைக் கொடுக்கக் கம்பெனிக்கு உரிமை உண்டு என்று தெளிவாகவே சொல்கிறது. 2009-இல் பிரதீப் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சர்வேயர் ரிப்போர்ட் முடிந்த முடிவு இல்லை, கம்பெனியையும் பாலிசிதாரரையும் அது கட்டுப்படுத்தாது என்று சொல்லியிருக்கிறது. ஆகவே இதைத் திருத்த உங்களால் முடியும்.

தேய்மானத்தோடு சேராத ஒன்று, ஆனாலும் இப்போதே கேட்டுவிடுகிறேன். விபத்து நடந்த இடத்திலிருந்து ஒர்க்‌ஷாப் வரை ரெக்கவரி வேனுக்கு 6,000 ரூபாய் கொடுத்தேன், ரசீது க்ளெய்ம் படிவத்தோடேயே கொடுத்திருந்தேன். பாலிசியில் இதற்கு 1,500 ரூபாய் வரை உண்டு. ரிப்போர்ட்டில் அந்த வரியே இல்லை. அதையும் சேர்த்து எனக்கு வர வேண்டியது 19,500 ரூபாய்.

49,650 ரூபாயை முழுத் தீர்வாக நான் ஏற்கவில்லை. வவுச்சரில் கையெழுத்துப் போடும்போதே "ஆட்சேபத்துடன் பெறுகிறேன்" என்று எழுதித்தான் கொடுத்தேன், நகல் இதோடு இருக்கிறது.

14 நாளுக்குள், அதாவது பிப்ரவரி 3-க்குள், திருத்திய கணக்கை எழுத்தில் அனுப்பி மீதிப் பணத்தையும் போட்டுவிடுங்கள். முடியாது என்றால் மேலே சொன்ன ஆறு விஷயத்துக்கும் பாலிசியின் எந்த விதிப்படி முடியாது என்று தனித்தனியாக எழுதுங்கள், போனில் சொல்ல வேண்டாம். அது வரவில்லை என்றால் பீமா பரோசாவில் புகார் பதிவு செய்வேன். ஒரு மாதம் முடிந்ததும் சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போவேன், அங்கே கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை என்று விசாரித்துவிட்டேன். தேவைப்பட்டால் ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது, எனக்கு ஒன்றரை மணி நேரப் பஸ் பயணம்தான்.

பாலிசி நகல், ஆர்சி, ஒர்க்‌ஷாப் பைனல் பில், சர்வேயர் ரிப்போர்ட், கண்டென்சர் போட்டோ இரண்டு, ரெக்கவரி வேன் ரசீது, வவுச்சர் நகல் எல்லாம் இணைத்திருக்கிறேன். பில்லின் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அட்டவணைப்படி எத்தனை சதவீதம் என்று பென்சிலில் குறித்திருக்கிறேன், சரிபார்க்கச் சுலபமாக இருக்கும்.

இப்படிக்கு,
சு. மாலதி